பிரைசிங் டேபிளை ரிவ்யூ பண்றது எப்படி: ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் பக்கத்தை வச்சு

முதல் தடவ ஒரு பிரைசிங் டேபிளை ரிவ்யூ பண்ணித் தரச் சொன்னப்ப நான் பட்டன் கலர், கார்டுக்கு நடுவுல இருக்குற கேப், ஃபான்ட் சைஸ்னு பதினாலு பாயின்ட் எழுதி அனுப்புனேன். அவங்களும் பாவம் எல்லாத்தையும் மாத்துனாங்க. மாத்தி ஒரு மாசம் ஆகியும் சப்போர்ட் நம்பருக்கு "சார், இதுல எனக்கு எது சரிவரும்?"னு போன் வர்றது நிக்கவே இல்ல. அந்த டேபிள் அங்க இருக்குறதே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான், ஆனா நான் அந்தக் கேள்விய ஒரு தடவகூட டேபிள்கிட்ட கேட்டுப் பாக்கல. அதுக்கப்புறம் வேற மாதிரி பண்ண ஆரம்பிச்சேன். புதுசா இந்த வேலைக்கு வர்றவங்களுக்காக அதத்தான் இங்க வரிசையா எழுதுறேன்.

உதாரணத்துக்கு நான் பாத்த ஒரு பக்கத்தையே எடுத்துக்கலாம். சின்னக் கடைங்களுக்கு ஜிஎஸ்டி பில் போடுற சாஃப்ட்வேர், பேரு வேணாம். மூணு பிளான் வச்சிருந்தாங்க. ஸ்டார்ட்டர் ஃப்ரீ, ஒரு யூசர், மாசம் 50 பில். குரோத் 399 ரூபா, மூணு யூசர், 500 பில். பிசினஸ் 899 ரூபா, பத்து யூசர், பில்லுக்கு லிமிட் கிடையாது. நடுவுல இருக்குற குரோத் கார்டுக்கு மட்டும் லேசான நீல பேக்ரவுண்ட், மேல ஆரஞ்சு பட்டையில "மோஸ்ட் பாப்புலர்". பாத்த உடனே எனக்கு ஒரு குறையும் தெரியல, சுத்தமா இருந்துச்சு.

முதல்ல ஒரு ஆளப் புடிங்க

டிசைன பாக்குறதுக்கு முன்னாடி, இத வாங்கப் போற ஒரு ஆள ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. "சிறு வியாபாரி"னு பொதுவா எழுதுனா ஒண்ணும் நடக்காது, எண்ணிக்கையோட எழுதணும். நான் எங்க ஏரியா ஹார்டுவேர் கடை அண்ணாச்சிய வச்சுக்கிட்டேன். அவருக்கு ரெண்டு கடை. கடைக்கு ஒருத்தர் பில் போடுறாரு, அது போக வீட்டுல உக்காந்து கணக்கு பாக்க இவரு, ஆக மூணு யூசர். ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 பில், மாசத்துல 26 நாள் கடை. ரெண்டு கடைக்கும் சேத்து 1,040 பில்.

இப்ப அவரா மாறி டேபிளைப் படிங்க. மூணு யூசர்னு பாத்ததும் குரோத் கரெக்டா பொருந்துது, அதுவேதான் ஹைலைட்டும் ஆகியிருக்கு, கை நேரா அங்கதான் போகும். ஆனா கீழ 500 பில்லுன்னு இருக்கே, 501வது பில்லுக்கு என்ன ஆகும்? சாஃப்ட்வேர் நின்னுடுமா, காசு கூட கேக்குமா? டேபிள்ல ஒரு வரி இல்ல. பக்கத்தோட அடிவரைக்கும் போயி எஃப்ஏக்யூல ஏழாவது கேள்விய திறந்தா அங்க இருக்கு, லிமிட்டுக்கு மேல ஒரு பில்லுக்கு 1 ரூபா.

அப்ப அண்ணாச்சிக்கு 540 பில் கூடுதல், 399 கூட 540 சேத்தா மாசம் 939 ரூபா. பக்கத்துல இருக்குற பிசினஸ் பிளான் 899 தான்! இவங்க கை காட்டி விட்ட பிளான் அவருக்கு 40 ரூபா அதிகம், பத்து யூசரும் கிடைக்காது. இன்னும் கொஞ்சம் கணக்குப் போட்டா மாசம் 1,000 பில்லுல ரெண்டு பிளானும் சமமா நிக்குது, ஏன்னா 500 கூடுதல் பில்லுக்கு 500 ரூபா, 399 + 500 = 899. அதுக்குக் கீழன்னா குரோத், மேலன்னா பிசினஸ். இந்த ஒரு எண்ணு மட்டும் டேபிள்ல இருந்தா அண்ணாச்சி போன் பண்ண மாட்டாரு. ரிவ்யூல நான் எழுதுன ஒரு முக்கியமான பாயின்ட் இதுதான், லிமிட் எழுதுற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துலயே "அதுக்கு மேல எவ்வளவு"ன்னு எழுதணும்.

ஒரு ஆளோட நிறுத்தாம மூணு பேர வச்சுப் பாருங்க, பிளானுக்கு ஒருத்தர். ஒரே ஆளு நடத்துற தையல் கடை, அண்ணாச்சி கடை, நாலஞ்சு கிளை இருக்குற ஒரு பேக்கரின்னு. மூணு பேரும் ஒரு நிமிஷத்துக்குள்ள வேற வேற பிளான்ல போய் நிக்கணும். ரெண்டு பேரு ஒரே இடத்துல வந்து நின்னா ஒரு பிளான் சும்மா இருக்குன்னு அர்த்தம், இல்லன்னா வித்தியாசத்த சொல்ற வரி எங்கயோ காணாம போயிருக்கு.

விலைய கால்குலேட்டர் வச்சுப் பாருங்க

இந்த இடத்துலதான் புதுசா வர்றவங்க அதிகம் கோட்ட விடுவாங்க, ஏன்னா எண்ணு எல்லாம் பெருசா போல்டா இருக்குறதால சரியாதான் இருக்கும்னு நம்பிடுவோம். மாசம், வருஷம்னு மாத்துற ஒரு டாகிள் மேல இருக்கும். பக்கம் திறந்ததும் அது எதுல நிக்குதுன்னு முதல்ல பாருங்க. இந்தப் பக்கத்துல வருஷத்துல நின்னுச்சு. அதனாலதான் 399. மாசத்துக்கு மாத்துனா குரோத் 499, பிசினஸ் 1,099. வருஷத்துல இருக்குறப்ப 399க்குக் கீழ சாம்பல் கலர்ல, கண்ணாடி போட்டாகூட சிரமப்பட்டுதான் படிக்கணும்ங்கற சைஸ்ல "ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம்"னு இருந்துச்சு. அதாவது கார்டு ஸ்வைப் பண்றப்ப போறது 399 இல்ல, 12 மாசத்துக்கும் சேத்து 4,788.

டாகிள் பக்கத்துல "20% சேமிப்பு"ன்னு பச்சை பட்டை. குரோத்துக்கு சரி, 499 இன்டு 12 போட்டா 5,988, அதுல 1,200 குறையுது, 20 சதவீதம் வருது. பிசினஸுக்குப் போட்டுப் பாத்தேன், 1,099 இன்டு 12 = 13,188, வருஷ விலை 10,788, குறையுறது 2,400. அது 18 சதவீதம் சொச்சம்தான். யாரும் ஏமாத்தணும்னு பண்ணல, அப்பறமா பிசினஸ் விலைய மாத்தியிருக்காங்க, பட்டைய மறந்துட்டாங்க. "20% வரை"ன்னு போட்டாலே தீந்துச்சு, இல்லன்னா கார்டுக்குள்ள "வருஷத்துக்கு 2,400 மிச்சம்"னு ரூபாவுலயே எழுதிடலாம், எனக்கு அதுதான் புடிக்கும், கடைக்காரங்க சதவீதத்த விட ரூபாவத்தான் படிப்பாங்க.

அடுத்தது ஜிஎஸ்டி. சாஃப்ட்வேர் சந்தாவுக்கு 18%, இந்தப் பக்கத்துல அது செக்அவுட்டுக்குப் போன பிறகுதான் முதல் தடவையா கண்ணுல பட்டுச்சு. 4,788னு நெனச்சுப் போனவருக்கு அங்க 5,649.84. இதச் சொன்னா "எங்க கஸ்டமர் எல்லாம் பிசினஸ்தானே, கட்டுன ஜிஎஸ்டிய இன்புட் கிரெடிட்டா அவங்க வரியில கழிச்சுக்குவாங்க"ன்னு பதில் வரும், எனக்கும் வந்துச்சு. ஆனா சின்னக் கடைங்கள்ல நிறைய பேரு காம்போசிஷன் ஸ்கீம்ல இருப்பாங்க, அவங்களால இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது, அந்த 861 ரூபா 84 காசு அவங்களுக்கு முழுச் செலவு. விலைக்குப் பக்கத்துலயே "+ 18% ஜிஎஸ்டி"னு ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சுடும்? அதுவும் போக, விலைய கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகப் போக ஏத்திக் காட்டுற பழக்கத்துக்கு டிரிப் பிரைசிங்னு பேரு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்ல வெளியிட்ட, ஆளக் கொழப்பி வாங்க வைக்கிற டார்க் பேட்டர்ன் டிசைனுங்களப் பத்தின வழிகாட்டுதல்ல 13 வகை இருக்கு, அதுல இதுவும் ஒண்ணு. இத ரிவ்யூல பயமுறுத்துற மாதிரி எழுதாதீங்க, ஒரு வரி சொன்னா போதும், உடனே மாத்திடுவாங்க.

ஹைலைட் நெஜமாவே தெரியுதா

இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. குரோம்ல டெவ்டூல்ஸ் திறந்து கன்சோல்ல இத போடுங்க:

```
document.documentElement.style.filter = 'blur(8px) grayscale(1)'
```

பக்கம் முழுக்க மங்கலா கருப்பு வெள்ளையா ஆயிடும். இப்ப எழுந்து ரெண்டடி தள்ளி நின்னு பாருங்க, எந்த கார்டு முன்னாடி வந்து நிக்குது? நம்ம உதாரணத்துல ஒண்ணும் நிக்கல. லேசான நீலம் கருப்பு வெள்ளையில பக்கத்து கார்டோட வெள்ளைக்குள்ள கரைஞ்சுடுச்சு, மூணு பட்டனும் ஒரே கரு நீலம்கறதால மூணு கருப்புக் கட்டையா வரிசையா நின்னுச்சு. கலர்ல பாத்தப்ப ஹைலைட் இருக்குற மாதிரி தோணுனது நான் அத தேடிப் பாத்ததாலதான். திரும்ப பழையபடி ஆக்க அதே வரியில கடைசியில வெறும் `''` போடுங்க, இல்லன்னா பக்கத்த ரீலோடு பண்ணுங்க.

ஹைலைட்டுக்கு பட்டன்தான் நல்ல இடம்னு என் அனுபவம். பரிந்துரைக்கிற பிளானோட பட்டன் மட்டும் நிறம் நிரப்புனதா இருக்கட்டும், மத்த ரெண்டும் வெறும் பார்டரோட. ஆனா அந்த ரெண்டையும் சாம்பல் ஆக்கிடாதீங்க, சாம்பல் பட்டன பாத்தா அமுக்க முடியாதுன்னு நெனச்சு ஸ்டார்ட்டர் எடுக்க வந்தவரு அப்படியே போயிடுவாரு. கார்டுக்கு பார்டர் தடிமன், கொஞ்சம் நிழல், இதுல ஏதாவது ஒண்ணு சேத்துக்கலாம், எல்லாத்தையும் சேத்தா மத்த ரெண்டு பிளான் கடையில பின்னாடி வச்ச சரக்கு மாதிரி ஆயிடும். ஒரே பக்கத்துல நடு கார்டுக்கு "மோஸ்ட் பாப்புலர்", கடைசி கார்டுக்கு "பெஸ்ட் வேல்யூ"ன்னு ரெண்டு பட்டைய பாத்திருக்கேன். அப்படி போட்டா எதையுமே பரிந்துரைக்கலன்னுதான் அர்த்தம்.

பட்டையில இருக்குற எழுத்தையும் சோதிக்கணும். ஆரஞ்சு மேல வெள்ளை எழுத்து பாக்க ஜோரா இருக்கும், ஆனா அந்தப் பக்கத்துல இருந்த `#FF9800` ஆரஞ்சுக்கும் வெள்ளைக்கும் கான்ட்ராஸ்ட் 2.2 கிட்டதான் வருது. சாதாரண சைஸ் எழுத்துக்கு 4.5 வேணும்னு, வெப் பக்கத்த எல்லாராலயும் படிக்க முடியணும்கறதுக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல் சொல்லுது. டெவ்டூல்ஸ்ல அந்த எழுத்தோட கலர் பெட்டிய அமுக்குனா கான்ட்ராஸ்ட் எண்ண அதுவே காட்டும், நீங்க கணக்கு போட வேண்டாம். எழுத்த கருப்பாக்குனாலே இந்த இடம் சரியாயிடும்.

அப்பறம் அந்த "மோஸ்ட் பாப்புலர்". எத்தன பேரு குரோத்துல இருக்காங்கன்னு சும்மா கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்பறம் "அது டெம்ப்ளேட்லயே இருந்துச்சு, அப்படியே விட்டுட்டோம்"னாங்க! சாஃப்ட்வேர் வெளிய வந்தே ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. பாப்புலர்ங்கறது நடந்த விஷயத்தப் பத்தின பேச்சு, கணக்கு இல்லாம சொல்லக் கூடாது. "நாங்க பரிந்துரைக்கிறது"ன்னு சொல்லலாம், அது அவங்க கருத்து. ஆனா அதுவும் வெறுமன நின்னா பத்தாது, யாருக்குன்னு சொல்லணும். நான் எழுதிக் குடுத்தது இதுதான்: "2–3 பேர் பில் போடும் கடைகளுக்கு, மாதம் 1,000 பில் வரை". முன்னாடி போட்ட கணக்குல வந்த அதே 1,000 தான்.

வரிகள வெட்டுங்க

கார்டுக்குக் கீழ முழு கம்பேரிசன் டேபிள் இருந்துச்சு, 22 வரி. அதுல 15 வரியில மூணு பிளானுக்கும் டிக்தான். வித்தியாசமே இல்லாத வரிய பாத்து யாரு பிளான் முடிவு பண்ணப் போறா? வித்தியாசம் இருக்குற ஏழையும் மேல கொண்டு வந்துட்டு, மத்தத "எல்லா பிளான்லயும் உண்டு"ன்னு கீழ ஒரு கொத்தா போடச் சொல்லுங்க. "அட்வான்ஸ்ட் ரிப்போர்ட்ஸ்"னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும், அத புடிச்சுக் கேளுங்க, அட்வான்ஸ்னா என்ன? இங்க கேட்டப்ப கடை வாரியா லாபக் கணக்குன்னாங்க. அப்ப அதையே எழுதலாமே, அண்ணாச்சிக்கு வேணும்கறதே அதுதான்.

டிக் படமா மட்டும் இருந்தா ஸ்கிரீன் ரீடர் வச்சுப் படிக்கிறவங்களுக்கு அந்தக் கட்டம் காலியாதான் கேக்கும். டிக் பக்கத்துல மறைஞ்சிருக்குற எழுத்து ஒண்ணு வேணும்:

```
<td>
  <svg aria-hidden="true">...</svg>
  <span class="sr-only">உண்டு</span>
</td>
```

இல்லாத கட்டத்துக்கும் இதே மாதிரி "இல்லை"ன்னு. `sr-only` கிளாஸ் அவங்க சிஎஸ்எஸ்ல நெஜமாவே இருக்கான்னும் பாத்துக்கங்க, இல்லன்னா "உண்டு உண்டு"ன்னு திரையிலயே வந்து நிக்கும்.

போன்ல

டெவ்டூல்ஸ்ல அகலம் 360 வச்சுப் பாருங்க, முடிஞ்சா கையில இருக்குற பழைய ஆண்ட்ராய்டு போன்லயும். ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன், ஏன்னா இது ரெண்டும் திரும்பத் திரும்ப வருது.

கார்டெல்லாம் பக்கவாட்டுல தள்ளிப் பாக்குற மாதிரி வச்சிருந்தா, ஹைலைட் பட்டை பாதி வெட்டுப்பட்டு நிக்கும். காரணம் என்னன்னா பட்டை கார்டுக்கு மேல கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், தள்ளுறதுக்காக வெளிப் பெட்டிக்கு `overflow-x: auto` குடுத்தா பிரவுசர் மேல கீழயும் சேத்து வெட்டிடும். வெளிப் பெட்டிக்கு மேல `padding-top` கொஞ்சம் குடுத்தா பட்டை உள்ள அடங்கிடும்.

இன்னொண்ணு, கீழ இருக்குற டேபிள்ல பத்தாவது வரிக்குப் போனதும் எந்த நெடுவரிசை எந்த பிளான்னு மறந்துடும். பிளான் பேரு மேல ஒட்டிக்கிட்டே வரணும்னு `position: sticky` போட்டிருப்பாங்க, கம்ப்யூட்டர்ல வேலையும் செய்யும், போன்ல செய்யாது. அதுக்கும் அதே `overflow-x: auto`தான் காரணம், ஸ்டிக்கி இப்ப பக்கத்தோட ஒட்டாம அந்தப் பெட்டியோட ஒட்டுது, பெட்டியோ மேல கீழ நகரவே இல்ல. போன்ல மட்டும் டேபிள விட்டுட்டு, பிளானுக்கு ஒரு லிஸ்ட்டா காட்டச் சொல்றதுதான் நான் வழக்கமா குடுக்குற யோசனை. கார்டு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வர்றப்ப ஃப்ரீ பிளான் மேல வந்து குரோத் கீழ போயிடுதே, மேல தூக்கவான்னு கேப்பாங்க. வேணாம்னுதான் சொல்வேன், 0, 899ன்னு குதிக்காம விலை ஏறு வரிசையில இருந்தாதான் ஒப்பிட முடியும்.

பட்டன அமுக்கிப் பாருங்க

நிறைய ரிவ்யூ இந்த இடத்துக்கு வர்றதே இல்ல. இன்காக்னிட்டோ விண்டோ திறந்து, டாகிள மாசத்துக்கு மாத்திட்டு, குரோத் பட்டன அமுக்குங்க. அடுத்த பக்கத்தோட அட்ரஸ்ல நீங்க எடுத்தது போயிருக்கான்னு பாருங்க, இப்படி ஏதாவது இருக்கணும்:

```
/signup?plan=growth&cycle=monthly
```

நான் பாத்தப்ப `cycle=yearly`ன்னு இருந்துச்சு. டாகிள் திரையில இருக்குற எண்ண மட்டும்தான் மாத்துச்சு, லிங்க்க மாத்தல. மாசம் 499 குடுக்கலாம்னு வந்தவருக்கு செக்அவுட்ல 5,649.84 காட்டுது, அவரு இத பக்னு நெனக்க மாட்டாரு, ஏமாத்து வேலைன்னுதான் நெனப்பாரு. ஆறு தடவ அமுக்கணும், மூணு பிளான் இன்டு ரெண்டு டாகிள் நிலை, ஒவ்வொண்ணுக்கும் டேபிள்ல பாத்த விலையையும் செக்அவுட்ல வந்த விலையையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சுக்கங்க. பத்து நிமிஷம்கூட ஆகாது.

எழுதி அனுப்புறப்ப

பதினாலு பாயின்ட் கதையெல்லாம் இனிமே வேணாம். காசு தப்பா காட்டுறது முதல்ல, தப்பான பிளானுக்கு தள்ளி விடுறது அடுத்தது, கலர் மாதிரி சமாச்சாரம் கடைசியில. ஒவ்வொண்ணுக்கும் எங்க பாத்தேன், யாருக்கு என்ன ஆகுது, என்ன மாத்தலாம்னு மூணு வரி. முதல் ரெண்டுக்கு நான் எழுதுனது இப்படி இருந்துச்சு:

"டாகிளை மாதத்துக்கு மாத்தி குரோத் பட்டனை அமுக்கினா ஆண்டு சந்தாவுக்குப் போகுது. 499 எதிர்பார்த்தவருக்கு 5,649.84 காட்டுது. லிங்க்ல `cycle` டாகிளோட சேர்ந்து மாறணும்.

மாதம் 1,040 பில் போடுற கடைக்கு குரோத் 939, பிசினஸ் 899. ஹைலைட் அவரை குரோத்துக்கு அனுப்புது. கூடுதல் பில் 1 ரூபாங்கறதை பில் வரிக்குக் கீழயே எழுதுங்க, பட்டையில 1,000 பில் வரைன்னு சேருங்க."

இத படிச்சுட்டு அவங்க போன் பண்ணி "அப்ப பிசினஸ ஹைலைட் பண்ணிடவா?"ன்னு கேட்டாங்க. உங்க கஸ்டமர்ல முக்காவாசி யாருன்னு கேட்டேன், ஒத்தக் கடை வச்சிருக்கவங்க, ரெண்டு மூணு பேரு வேல பாக்குற எடம்னாங்க. அப்ப குரோத்தே இருக்கட்டும், யாருக்குன்னு மட்டும் தெளிவா எழுதுங்கன்னேன்.

ஒரு வாரம் கழிச்சு மாத்திட்டோம்னு மெசேஜ். திரும்ப ஆறு தடவ அமுக்குனேன், கார்டு பட்டன் மூணும் சரியாயிடுச்சு. போன்ல பக்கத்தோட அடியில ஒட்டிக்கிட்டே வர்ற ஒரு பட்ட இருக்கு, அதுல இன்னொரு குரோத் பட்டன், அத அமுக்குனா இன்னும் `cycle=yearly`.